சுருக்கத்துக்கு ஒரு திருத்தம்

பூபதிராஜா தன் பெயரை வெறும் பெயராக யாரிடமும் சொன்னதில்லை. "பூபதிராஜா, எம்.காம்." என்றுதான் சொல்வான். கூரியர்காரர் கையெழுத்து கேட்டால்கூட அந்த எம்.காமையும் சேர்த்துப் போட்டுத்தான் பொட்டலத்தை வாங்குவான். எல்லைக்கு மலையாளப் பக்கம் இருக்கும் பெருமாட்டியில் அவன் குடும்பம் தென்னைக்கும் மாட்டுக்கும் பிறந்த குடும்பம். அதில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவனுடைய கால். அம்மா பழனாத்தாள் ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "என்ற பையன் எம்காம்ங்க, கொஞ்சம் சீக்கிரம் அளந்து உடுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "அதுக்குத் தனிக் கார்டு வந்ததும் சொல்லறனுங்க" என்றார் கடைக்காரர். அன்றைக்கு பூபதிராஜாவுக்குக் கடைக்காரர்மேல்தான் கோபம் வந்தது. அம்மாமேல் வரவில்லை. அதிலிருந்தே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளலாம்.

பேங்க் ஆபீசராகப் போவதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். பரீட்சை எழுதினான், பேங்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். கடைசியில் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒப்பந்தக்காரர் சங்கத்தில் வேலை கிடைத்தது. சங்கத்துக்கு ஒரு தலைவர், ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரே ஒரு சிப்பந்தி. அந்த ஒரே சிப்பந்தியான தனக்குச் செயல் அலுவலர் என்று அவனாகவே பட்டம் கொடுத்துக்கொண்டான். அங்கே அடிக்கிற காகிதத்திலெல்லாம் புண்ணாக்கு வாசம் அடிக்கும். அவன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்: "சத்தான விஷயம் இருக்குதுன்னு அர்த்தம்."

வேலை என்னவென்றால், டெண்டர் படிப்பது. கால்வாய்க் கரை, பாலம், பள்ளிக்கூடச் சுவர் என்று எந்த அலுவலகம் டெண்டர் விட்டாலும் அதன் ஆவணம் நூறு, நூற்றைம்பது பக்கம் வரும். அதைக்கூட உறுப்பினர்கள் எப்படியோ படித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் தொல்லை. விட்டுப்போனதைச் சேர்க்க ஒரு அடெண்டம், தப்பாய்ப் போட்டதைத் திருத்த ஒரு கொரிஜெண்டம், அந்தத் திருத்தத்தைத் திருத்த இன்னொன்று. மூல ஆவணத்தில் எந்த நிபந்தனை அப்படியே நிற்கிறது, எது மாறிவிட்டது என்பது ஒரு கட்டத்தில் டெண்டர் விட்டவர்களுக்கே மறந்துவிடும். விலைப்புள்ளி போடுகிறவர் பழைய நிபந்தனையை நம்பிப் போட்டால் கவரைத் திறந்த நிமிஷமே வெளியே. அதனால் ஒவ்வொரு டெண்டருக்கும் 'எது மாறியது' என்று ஒரு தாள் தயாரித்து உறுப்பினர்களுக்கு அனுப்புவது பூபதிராஜாவின் பொறுப்பு.

அந்தத் தாளை அவன் ஒரு கலைப்படைப்பாகவே செய்தான். எந்தத் தொகுதி, எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்று கட்டம் கட்டி, பழைய வாசகத்தைச் சிவப்பிலும் புதிய வாசகத்தைப் பச்சையிலும் போடுவான். மேலே கொட்டை எழுத்தில் 'இறுதிச் சுருக்கம்'. கீழே 'தயாரித்தவர்: பூபதிராஜா, எம்.காம்.' அதோடு வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் செய்தி. கண்ணாடி தேடப் பிடிக்காத உறுப்பினர்களுக்காகத்தான் அந்தக் குரல் செய்தி என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் தன் குரலை அவனே மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவான்.

"அசலையும் ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?" என்று யாராவது கேட்டால் அவனுக்கு முகம் சுண்டிவிடும்.

"நான் படிச்சாச்சுல்லங்க. சோத்த மென்னு குடுத்தப்புறம் அரிசியப் பாக்கோணும்னா எப்புடி?"

மென்று கொடுத்த சோற்றை யாராவது விரும்பிச் சாப்பிடுவார்களா என்பதை அவன் யோசித்ததில்லை.

*

அந்த வருஷம் கால்வாய் வேலைகளைப் பார்க்கும் ஒரு அலுவலகம், கிளைக் கால்வாய் ஒன்றுக்கு கான்கிரீட் பூசி மதகுகளைச் சரிசெய்ய டெண்டர் விட்டது. சங்கத்தில் பாதிப் பேருக்கு அதன்மேல் கண். ஆனால் அதிகம் ஆசைப்பட்டவர் சிவசங்கரி.

சிவசங்கரியிடம் நாலு கான்கிரீட் மிக்சர் இருந்தன. அவர் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் மற்றவர்களுடைய வேலைக்கு மிக்சர் வாடகைக்கு விடுவதுதான் பிழைப்பாக இருந்தது. தனியாக எடுத்துச் செய்த வேலை ஒன்றே ஒன்று: ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓடைக்கரையில் கட்டிய கான்கிரீட் சுவர். அப்புறம் பெரிய வேலை அமையவில்லை. அவருடைய அண்ணனே கல்யாண வீட்டில் நாலு பேருக்கு மத்தியில், "என்ற தங்கச்சி கான்ட்ராக்டர் இல்லீங்க, மிக்சருக்குக் காவக்காரி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிவசங்கரி மறக்கவில்லை. வேலை நடக்கிற இடத்தில் தகரப் பலகையில் 'ஒப்பந்தக்காரர்: சிவசங்கரி' என்று எழுதி நட்டு, அந்த வழியாக அண்ணன் பைக்கில் போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது பிரிவு 9.2. விலைப்புள்ளி போடுகிறவர் கடந்த ஐந்து வருஷத்துக்குள் ஒத்த பணி ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும். ஒத்த பணி என்றால் கால்வாய்க்கு கான்கிரீட் பூசும் பணி. சிவசங்கரி வேலையை முடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் கட்டியது ஓடைச் சுவர். இரண்டு வாசலும் அடைப்பு.

அப்புறம் திருத்தங்கள் வரத் தொடங்கின.

கொரிஜெண்டம் ஒன்று வந்தது: பிரிவு 9.2-ல் 'ஐந்து வருடங்கள்' என்பதை 'ஏழு வருடங்கள்' என்று படிக்கவும். பூபதிராஜா பச்சை அடித்தான். அடுத்து அடெண்டம் ஒன்று வந்தது: கால்வாயில் தண்ணீர் அடைத்திருக்கும் நாட்களில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று ஒரு புது நிபந்தனையும், மதகுக்கு ஒரு வரைபடமும். அதற்கும் பச்சை. பிறகு கொரிஜெண்டம் இரண்டு, கடைசித் தேதியைத் தள்ளிப்போட்டது. தேதி தள்ளினால் முன்வைப்புத் தொகைக்குப் பதிலாகக் கொடுக்கும் பேங்க் உத்தரவாதத்தின் ஆயுளும் அதோடு சேர்ந்து நீள வேண்டும். கொரிஜெண்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உத்தரவாதம் கடைசித் தேதியிலிருந்து இத்தனை நாள் என்று மூல ஆவணத்தில் இருந்ததை பூபதிராஜாவே தேடிப் பிடித்துத் தாளில் போட்டான். சங்கத் தலைவர் ஆறுச்சாமி அவன் முதுகில் தட்டி, "டிகிரின்னா டிகிரிதான்டா மாப்ளே" என்றார். அன்றிலிருந்து சங்கத்தில் அவனுக்கு 'டிகிரி' என்றே பட்டப்பெயர். தட்டு வாங்கிய அந்த முதுகு ஒரு வாரம் நிமிர்ந்தே இருந்தது. சாய்ந்து உட்காரவும் மறந்துபோயிற்று.

அந்த நிமிர்ச்சியோடு இருந்தபோதுதான் கொரிஜெண்டம் மூன்று வந்தது. 'பிரிவு 9.2 முழுவதும் கீழ்க்கண்டவாறு மாற்றி அமைக்கப்படுகிறது. மாறிய சொற்கள் அடிக்கோடிடப்பட்டுள்ளன' என்று சொல்லி முழுப் பிரிவையும் புதிதாக அச்சடித்திருந்தார்கள். அடிக்கோடு ஒரே இடத்தில்தான்: ஒத்த பணி என்றால் 'கால்வாய்க்கு கான்கிரீட் பூசும் பணி அல்லது ஓடைக்கரை கான்கிரீட் சுவர்ப் பணி'. முடிவில் எப்போதும் வருகிற வரி: மற்ற நிபந்தனைகள் அனைத்தும் மாற்றமின்றித் தொடரும்.

அடிக்கோடு இருந்த இடத்தை மட்டும் எடுத்து பூபதிராஜா பச்சை அடித்தான். அடிக்கோடு இல்லாததை ஏன் படிக்க வேண்டும்? மாறாததைப் படிப்பது வேலையில்லாதவன் வேலை என்பது அவன் கொள்கை. படித்தவனுக்கு எதைப் படிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று குழுவில் ஒருமுறை தத்துவமே பேசியிருக்கிறான்.

இறுதிச் சுருக்கம் போயிற்று. கொரிஜெண்டம் ஒன்று: ஏழு வருஷம். கொரிஜெண்டம் மூன்று: ஓடைச் சுவரும் சேர்த்தி. வந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, பச்சைப் பசேல் என்று. குரல் செய்தியில் ஒரு தனிப் பின்குறிப்பு: "சிவசங்கரியக்கா, உங்குளுக்கு ரெண்டு கதவும் தொறந்தாச்சு. வலது காலெடுத்து வெச்சு உள்ள வாங்க."

சிவசங்கரி அந்தக் குரல் செய்தியைத் தன் அண்ணனுக்கு அனுப்பிவைத்தார்.

*

விளக்கம் கேட்பதற்குக் கடைசி நாள் மத்தியானம் சிவசங்கரி மஞ்சள் பை நிறையச் சான்றிதழ்களோடு மாடியேறி வந்தார். தகுதி உறுதிமொழி அடிக்க வேண்டும். அதில் ஒரு விதி: தகுதிப் பிரிவின் வாசகத்தைத் திருத்தங்களோடு, இப்போது இருக்கிறபடி அப்படியே எடுத்தெழுதி, அதன்படி நான் தகுதியுள்ளவர் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவர் ஆறுச்சாமி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா வந்தாச்சு. வெத்தலப் பாக்கெல்லாம் எடுத்துட்டு வந்தியா சிவசங்கரி?"

"கெடைக்கட்டுங்கண்ணா, வெத்தலத் தோட்டமே கொண்டாறேன்."

கணினியில் கொரிஜெண்டம் மூன்றைத் திறந்து, அச்சடித்திருந்த முழுப் பிரிவையும் பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினான் பூபதிராஜா. சும்மா தட்டவில்லை. ஆள் இருக்கும்போது ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்தபடியே தட்டுவது அவன் வழக்கம். அந்த உச்சரிப்பு எந்த நாட்டு உச்சரிப்பு என்பது அவனுக்கும் தெரியாது. எம்.காமைத் தபால் வழியில் படித்ததால் வழியில் எங்கேயோ ஏறிக்கொண்டது. ஒவ்வொரு சொல்லையும் மேலேற்றி, இழுத்து, இறக்கி, "விதின் தி லாஸ்ட் ஃபைவ்" என்று மேலே கொண்டுபோனவன், இறங்க மறந்து அங்கேயே நின்றான்.

"ஏனுங்க, நின்னுட்டீங்க?" என்றார் சிவசங்கரி.

"ஒண்ணுமில்லீங்க்கா. கரண்டு."

"ஃபேன் சுத்துது, கண்ணு" என்றார் ஆறுச்சாமி ஜன்னலோரத்திலிருந்து.

பூபதிராஜா இன்னொரு தடவை படித்தான். ஐந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் படித்தான். ஐந்துதான். கொரிஜெண்டம் மூன்றைத் தயாரித்தவர்கள் கொரிஜெண்டம் ஒன்றை எடுக்காமல், மூல ஆவணத்தின் பிரிவையே எடுத்து அதில் ஓடைச் சுவரைச் செருகியிருக்கிறார்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் 'ஐந்து' மாறவில்லை. அதனால் அடிக்கோடும் இல்லை. அடிக்கோடு இல்லாததால் எம்.காமுக்குக் கண்ணும் தெரியவில்லை. பிரிவு முழுவதையும் மாற்றி அமைத்துவிட்ட பிறகு முந்தைய திருத்தம் எதன்மேல் நிற்கும்? சட்டை மாற்றியாயிற்று, பழைய சட்டையில் போட்ட ஒட்டு பழைய சட்டையோடு போயிற்று. 'மற்ற நிபந்தனைகள் மாற்றமின்றித் தொடரும்' என்ற வரியும் காப்பாற்றாது. 9.2 அந்த மற்றவற்றில் இல்லை.

ஒரு கதவைத் திறந்த கையாலேயே இன்னொரு கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டும் திறந்திருக்கிறது என்று பந்தல் போட்டு மைக் வைத்துச் சொன்னவன் பூபதிராஜா.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தான். வாயில் வந்தது, "அக்கா, சாப்ட்டீங்களா?"

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தபாலேறிப் போன ஊர்களிலிருந்தெல்லாம் திரும்பி, பெருமாட்டிக்கே வந்து சேர்ந்தது.

சிவசங்கரி மஞ்சள் பையின் காதைத் திருகினார். "அப்ப நீங்க அனுப்புன தாளு?"

"தப்புங்க்கா."

"இறுதின்னு போட்டிருந்தீங்க."

"ஆமாங்க. அதுவும் தப்பு."

ஆறுச்சாமி பன்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு டெண்டர் அனுபவம் அதிகம். அதனால் தந்திரமும் அதிகம்.

"இங்க பாரு மாப்ளே. இது ஆபீசுக்காரன் வுட்ட தப்பு. அவுனுக்கே தெரியாது. நீ போயிக் கேட்டீன்னா முழிச்சுக்குவான். 'ஆமா, அஞ்சுதான்'னு ஒரு வரி போட்டுட்டான்னா சிவசங்கரி கதை முடிஞ்சுது. கேக்காம போட்டுரலாம். அப்புறமேட்டு எவனாச்சும் கேட்டா கொரிஜெண்டம் ஒண்ணக் காட்டி வாதாடிக்கலாம்."

"வாதாடுறப்ப கவரு வெளிய கெடக்குமுங்களே" என்றான் பூபதிராஜா.

"நீ சும்மா இரு. உன்ற பச்சப் பென்சில எடுத்து உள்ள வெய்யி மொதல்ல."

சிவசங்கரிக்கு இரண்டு பக்கமும் பள்ளம்தான். கேட்டால், ஐந்து என்று பதில் வந்து, போடுவதற்கு முன்பே ஆட்டத்திலிருந்து போய்விடலாம். கேட்காவிட்டால் போடலாம், போட்ட பிறகு எல்லோர் கண்ணெதிரிலும் தள்ளுபடி ஆகலாம். தள்ளுபடிப் பட்டியல் இணையத்தில் வரும். அண்ணனுக்கு இணையம் பார்க்கத் தெரியும்.

"மொதல்ல போன் போட்டுக் கேளுங்க தம்பி" என்றார்.

பூபதிராஜா அலுவலகத்துக்கு அடித்தான். டெண்டர் பிரிவில் இருக்கும் ஜோமோள் எடுத்தார். அவருக்கும் இவனுக்கும் குரல் பழக்கம்தான். இவன் பாதி மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு 'அய்யோ'.

"ஏழு தன்னெயா சாரே. டைப் செய்தப்போ பழயது கேறிப்போயி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமி தொடையைத் தட்டினார். "கேட்டியா? ஏழுதான். பழசு ஏறிப்போச்சாம். முடிஞ்சுது, அடிடா உறுதிமொழிய."

ஒரு வாரத்துக்கு முந்தைய பூபதிராஜா அடித்திருப்பான். அடித்துவிட்டு, நான் போனில் பேசிச் சரிசெய்தேன் என்று குரல் செய்தியும் போட்டிருப்பான். ஆனால் பாதி வாக்கியத்தில் தொங்கிய வெட்கம் இன்னும் ஆறவில்லை. மூல ஆவணத்தைத் திறந்து, அவன் எப்போதோ படித்து, முக்கியமில்லை என்று தள்ளிவிட்ட பிரிவு ஒன்றை எடுத்தான். வாய்மொழியாகச் சொல்லும் எந்த விளக்கமும் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில், திருத்தமாக வெளியிட்டது மட்டுமே ஆவணத்தின் பகுதி.

"ஜோமோள் சொன்னது நெசந்தானுங்க. ஆனா கவரத் தொறக்கற கமிட்டியில ஜோமோள் இல்லீங்களே. அவுங்க தாளத்தான் பாப்பாங்க. தாள்ல அஞ்சு."

"எழுதிக் கேட்டா மேல இருக்கறவன் அஞ்சுன்னு சொல்லிட்டா?"

பூபதிராஜா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சிவசங்கரியைப் பார்த்தான்.

"எழுதுங்க" என்றார் சிவசங்கரி. "வெளிய நிக்கறதுன்னா வாசல்லயே நின்னுக்கறேன். உள்ள கூப்புட்டு ஒக்கார வெச்சு எழுப்பி உட வேண்டாம்."

*

கேள்வி எழுதும்போது அவனுக்குள் இருந்த எம்.காம். ஒருமுறை எட்டிப் பார்த்தது. 'மதிப்பிற்குரிய தங்கள் மேலான கவனத்திற்கு மிகுந்த பணிவுடன்' என்று அரைப் பக்கம் அடித்தான். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலே வரி எழுதினான். மூலத்தில் 9.2: ஐந்து வருடங்கள். கொரிஜெண்டம் ஒன்று: ஏழு என்று படிக்கவும். கொரிஜெண்டம் மூன்று: பிரிவு முழுவதும் மாற்றம், அதில் ஐந்து, அடிக்கோடு இல்லை. இப்போது பொருந்துவது ஐந்தா, ஏழா என்பதைத் திருத்தமாக வெளியிட வேண்டுகிறோம். நேரம் முடிவதற்குள் டெண்டர் தளத்தில் ஏற்றி, ஏற்றியதற்கான ரசீதையும் எடுத்து வைத்தான். தயாரித்தவர் பெயர் போடும் இடமே அதில் இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தான்.

மிச்சம் இருந்தது இன்னொரு வேலை. அதற்குத்தான் அவனுக்குக் கை வரவில்லை. குழுவில் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்திருந்த பச்சைத் தாளை நம்பி வேறு யாரெல்லாம் கவர் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ? திருத்தங்களைத் தொகுப்பவன் தன் தொகுப்புக்கே திருத்தம் வெளியிட வேண்டும். பொதுவாகப் பிழை செய்தவன் சட்டென்று சொல்லிவிடலாம்; பச்சை மையில் செய்தவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஆறுச்சாமி இன்னொரு பன்னை முடித்துவிட்டார்.

கடைசியில் அனுப்பினான். 'இறுதிச் சுருக்கம் – கொரிஜெண்டம் ஒன்று. வரிசை எண் ஒன்றில் ஏழு வருடங்கள் என்று இருப்பதை நம்ப வேண்டாம். 9.2 முழுவதும் மாறியுள்ளது. அதில் ஐந்து என்று உள்ளது. எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. பதில் வரும்வரை இந்தப் பிரிவு நிச்சயமில்லை. தலைப்பில் இறுதி என்ற சொல் நீக்கப்படுகிறது. மற்றவை மாற்றமின்றித் தொடரும்.' பழக்கதோஷத்தில் கடைசி வரியும் விழுந்துவிட்டது.

குழுவுக்கு அன்றைக்குத் தீபாவளி.

"சுருக்கத்துக்கு ஒரு சுருக்கம் போடுங்க தம்பி, தல சுத்துது."

"இறுதிக்கு அப்புறம் வாறது கருமாதிங்களா?"

"எம்.காம். மாறிருச்சா, அதுவும் மாற்றமின்றித் தொடருதா?"

அதற்கு ஆறுச்சாமி ஒரு குரல் செய்தி போட்டார். முழுக்கச் சிரிப்பு மட்டும்தான். நடுவில் ஒரு இருமல்.

*

பதில் உடனே வரவில்லை. பூபதிராஜா டெண்டர் தளத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அம்மா, "யாராச்சும் பொண்ணா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். பொண்ணாக இருந்தால் இத்தனை தடவை பார்க்க மாட்டேன் என்று அவனே சொல்ல வேண்டியதாயிற்று.

காத்திருந்த நாட்களில் அவன் தாளைப் புதிதாகக் கட்டினான். முன்பு திருத்தங்கள் வந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. படிக்கிறவர் இரண்டு வரியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது பிரிவு வாரியாக அடுக்கினான். 9.2 என்றால் ஒரே ஒரு வரி. மூலத்தில் என்ன, எந்தத் திருத்தம் எந்தத் தேதியில் அதைத் தொட்டது, இன்றைக்கு நிற்கிற வாசகம் என்ன. நிற்கிற வாசகத்தை அவன் சொந்த வார்த்தையில் எழுதவில்லை. அலுவலகம் எழுதியதை ஒரு எழுத்து மாறாமல் எடுத்து வைத்தான். ஒரு பிரிவு முழுவதும் மாறியிருந்தால் அடிக்கோட்டை நம்பாமல், கடைசியாகத் திருந்திய வடிவத்தோடு சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தான். மாறாமல் இருப்பதைப் படிப்பதற்கு இத்தனை நேரம் ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டான். அடியில் ஒரு வரி சேர்த்தான்: இந்தத் தாள் உதவிக்கு மட்டும், அசலோடு முரண்பட்டால் அசலே செல்லும். அந்த வரியை அடிக்கும்போது அவனுக்குத் தன் சொத்தில் பாதியை எழுதிக் கொடுப்பது போலிருந்தது.

சிவசங்கரி இடையில் ஒருமுறை வந்தார். மிக்சர் ஒன்று பழுது என்று பக்கத்துப் பட்டறைக்கு வந்தவர், படி ஏறாமல் கீழே நின்றே கேட்டார். "வந்துச்சுங்களா?"

"இல்லீங்க்கா."

"அண்ணன் கேட்டாரு, கதவு தொறந்தது என்னாச்சுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"கதவுக்காரரு சாவி தேடறாருன்னு சொன்னேன்."

மாட்டுத் தீவனக் கடைக்காரர் அதைக் கேட்டு மூட்டையின்மேல் சரிந்து சிரித்தார். பூபதிராஜாவும் சிரித்தான். காது மட்டும் கொதித்தது.

பிறகு ஒருநாள் காலை கொரிஜெண்டம் நான்கு வந்தது. இந்தத் தடவை அவன் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தான். 'கொரிஜெண்டம் மூன்றில் மாற்றி அமைக்கப்பட்ட பிரிவு 9.2-ல் ஐந்து வருடங்கள் என்பதை ஏழு வருடங்கள் என்று படிக்கவும்.' ஓடைச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அது அப்படியே நின்றது. அது நிற்கிறதா என்று மூன்றாவது முறையும் ஒத்துப் பார்த்தான்.

சிவசங்கரிக்கு போன் செய்தான். குரல் செய்தி போடவில்லை.

"அக்கா, ஏழுங்க. எழுத்துல வந்துருச்சுங்க. ஓடைச் சுவரும் நிக்குது."

அந்தப் பக்கம் மிக்சர் ஓடும் சத்தத்துக்கு மேலே குரல் வந்தது. "அசல அனுப்புங்க தம்பி. நானும் ஒருக்கா படிச்சுக்கறேன்" என்றார்.

சோற்றை மென்று கொடுத்த கதையெல்லாம் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு அனுப்பினான்.

சிவசங்கரி உறுதிமொழியில் கொரிஜெண்டம் நான்குவரை திருந்திய வாசகத்தை எடுத்தெழுதி, எல்லாத் திருத்தங்களின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு இணைத்து, விலைப்புள்ளியை ஏற்றினார். தகுதிப் பட்டியல் வெளியான அன்று மேல்மாடியில் மூன்று பேரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். ஐந்தாவது வரியில் பெயர் இருந்தது. எதிரே 'தகுதி'. விலைக் கவர் அடுத்த வாரம்தான் திறப்பார்கள். அதில் யார் குறைவோ அவருக்குப் பலகை. ஆனாலும் சிவசங்கரி அந்த வரியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணனிடமிருந்து வந்த பதில் ஒரு கட்டைவிரல். "இதுக்கே அவருக்கு அரை உசுரு போயிருக்கும்" என்றார் சிவசங்கரி. பழுது பார்த்த மிக்சர் காத்திருந்ததால் கிளம்பிவிட்டார்.

அதோடு 'டிகிரி' என்ற பட்டப்பெயர் போயிற்று. சங்கத்தில் இப்போது எல்லோரும் பூபதிராஜாவை 'கொரிஜெண்டம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெருமாட்டியில் தீவனம் வாங்கப் போன பழனாத்தாளிடம் யாரோ, "கொரிஜெண்டத்தோட அம்மாதானுங்க நீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பெருமையோடு வீட்டுக்கு வந்து, "மேல்படிப்பு ஏதாச்சும் முடிச்சியா சாமி, சொல்லவே இல்ல?" என்றாள்.

புதுத் தாளின் தலைப்பில் இப்போது 'இறுதி' இல்லை. 'கொரிஜெண்டம் நான்குவரை' என்று மட்டும் இருக்கிறது. கீழே தயாரித்தவர் பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எம்.காமும் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று ஒரு சாயங்காலம் கர்சரை அதன்மேல் வைத்து யோசித்துப் பார்த்தான். பிறகு, மற்றவை மாற்றமின்றித் தொடரும் என்று விட்டுவிட்டான்.